போட்டோவிலிருந்து வண்ணம் தீட்டும் பக்கம்: முகத்தைச் சுத்தமான கோட்டோவியமாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணன் மகளுக்கு நாலரை வயது. அவளுடைய அப்பத்தாவை, அதாவது என் அம்மாவை, அவள் கிரேயானால் வண்ணம் தீட்டுவதற்காக ஒரு ஏ4 பக்கம் செய்தேன். வட்டக் கண்ணாடி, இரண்டு பக்கமும் மூக்குத்தி, கொண்டையில் மல்லிகை, கட்டம் போட்ட சுங்குடிச் சேலை. வீட்டு வாசலில் உட்கார்ந்து எடுத்த படம். அதைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அந்த ஒரே படத்தை வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

போட்டோவைப் போட்டால் ஸ்கெட்ச்சாக மாற்றித் தரும் ஆப் நிறைய இருக்கிறதே, அது போதாதா?

போதாது. பெரும்பாலான ஸ்கெட்ச் ஃபில்டர்கள் செய்வது ஒரே வேலைதான். வெளிச்சம் எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கே கறுப்பாக ஒரு தடம் போடும். அது முகத்தின் விளிம்பா, நிழலின் விளிம்பா, சேலையின் கட்டமா என்று அதற்குத் தெரியாது.

அம்மாவின் படத்தை நான் முதலில் அப்படித்தான் ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் மாற்றிப் பார்த்தேன். படத்தை கறுப்பு வெள்ளையாக்கி, அதன் நகலைத் தலைகீழ் நிறமாக்கி, மங்கலாக்கி, லேயர் மோடை Dodge என்று வைத்தால் பென்சில் ஓவியம் போல ஒன்று வரும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கன்னத்தில் விழுந்த தூணின் நிழல் ஒரு பெரிய தழும்பு போல வந்தது. சேலைக் கட்டங்கள் நூற்றுக்கணக்கான பொடிக் கோடுகளாகச் சிதறின. கறுத்த கதவுக்கு முன்னால் இருந்த கொண்டையின் விளிம்போ வரவே இல்லை. இருட்டும் இருட்டும் சேருமிடத்தில் ஃபில்டருக்கு எதுவும் தெரியாது.

அதிலும் முக்கியமான குறை, வருவது சாம்பல் நிறப் பூச்சு. குழந்தைக்கு வேண்டியது வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. கோட்டுக்கு நடுவில் முழு வெள்ளை. ஃபில்டரை வழிகாட்டியாக அடியில் வைத்துக்கொள்ளலாம். மேலே கோட்டை நாம்தான் இழுக்க வேண்டும்.

எந்த மாதிரி போட்டோ எடுத்தால் வேலை சுலபம்?

ஜன்னலுக்கு எதிரே, வெயில் நேராக விழாத இடத்தில் உட்காரவைத்து எடுங்கள். முகத்தில் கனத்த நிழல் இருக்கக் கூடாது. தலை முழுதும், தோள் இரண்டும் படத்துக்குள் வர வேண்டும்.

பலரும் கவனிக்காதது தூரம். போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகவும் காது பின்னுக்குப் போனது போலவும் தெரியும். போட்டோவாகப் பார்க்கும்போது கண் இதை மன்னித்துவிடும், கோடாக வரைந்தால் மன்னிக்காது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 2x ஜூமில் எடுங்கள். வாய் மூடிய லேசான சிரிப்பு இருந்தால் நல்லது; பற்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எந்த மென்பொருளில், எப்படி ஆரம்பிப்பது?

நான் இங்க்ஸ்கேப் பயன்படுத்துகிறேன். இலவசம். கோடுகளை வெக்டராக, அதாவது புள்ளிப் படமாக இல்லாமல் வளைவுகளாக வைத்திருப்பதால் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம், பெரிதாக்கினாலும் பிசிறு வராது.

புதுப் பக்கம் ஏ4 அளவில் திறக்கும். File மெனுவில் Import கொடுத்து போட்டோவை உள்ளே எடுத்து, முகம் காது முதல் காது வரை சுமார் 8 செ.மீ. அகலம் வருமாறு வையுங்கள். ஏன் 8? ஒரு கண்ணின் அகலம் ஏறக்குறைய முக அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முகம் 8 செ.மீ. என்றால் கண் ஒன்றரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். கிரேயான் முனை அதற்குள் எப்படியோ நுழைந்துவிடும். முகம் 5 செ.மீ. ஆனால் கண் 1 செ.மீ., அதில் குழந்தையால் ஒன்றும் செய்ய முடியாது. இடுப்பு வரைக்கும் காட்டும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள், தலையும் தோளும் போதும்.

அப்புறம் போட்டோவின் ஒளிபுகாத் தன்மையை 40 சதவீதத்துக்குக் குறைத்து, அந்த லேயரைப் பூட்டிவிட்டு, மேலே புது லேயர் போடுங்கள். B விசையை அழுத்தினால் பேனாக் கருவி வரும். Shift+Ctrl+F அழுத்தினால் வரும் பெட்டியில் Fill வேண்டாம் என்று வைத்து, Stroke style பகுதியில் கோட்டின் முனையையும் மூலையையும் வட்டமாக்குங்கள். முனை வெட்டினது போல இருந்தால் முகமே கட்டையாகத் தெரியும்.

கோடு இழுக்கும்போது புள்ளிகளைக் கஞ்சத்தனமாக வையுங்கள். காதுக்குக் கீழிருந்து தாடை நுனி வரைக்கும் மூன்று நான்கு புள்ளிகள் போதும். பதினைந்து புள்ளி வைத்தால் ஒவ்வொன்றும் சிறிது விலகி, கோடு நடுங்கும். அப்படி நடுங்கிப்போனால் அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து Ctrl+L ஒரு தடவை அழுத்துங்கள், புள்ளிகள் குறைந்து வழுவழுப்பாகும். இரண்டு மூன்று தடவை அழுத்தினால் உருவமே மாறிவிடும்.

கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான் என்றால் ஐபிஸ் பெயின்ட்டில் இதே வேலையைச் செய்யலாம்: போட்டோ ஒரு லேயர், மேலே கோட்டு லேயர். விரல் நடுக்கத்தை அடக்க அதில் Stabilizer இருக்கிறது.

எதை வரைவது, எதை விடுவது என்றே புரியவில்லை. போட்டோவில் ஆயிரம் விவரம் இருக்கிறது.

இந்த வேலையின் பெரும்பகுதியே இதுதான். நான் வைத்திருக்கும் ஒரு கேள்வி: இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் குழந்தை இரண்டு வேறு நிறம் அடிப்பாளா? ஆம் என்றால் கோடு வேண்டும். நெற்றிக்கும் முடிக்கும் நடுவே, சேலைக்கும் கழுத்துக்கும் நடுவே, உதட்டுக்கும் தோலுக்கும் நடுவே ஆம். கன்னத்தின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இல்லை, இரண்டும் தோல்தான். அந்தக் கோடு போகலாம். இந்தக் கேள்விக்குத் தப்பும் சில கோடுகள் உண்டு: மூக்கு, கண்ணிமை, சிரிப்பு. இவை நிறத்தைப் பிரிக்காவிட்டாலும் முகத்தைக் காட்டுகின்றன. அவற்றைக் குட்டையாக, மெல்லியதாக வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் படத்தில் இது எப்படிப் போனது என்று சொல்கிறேன். மூக்கின் தண்டுக்குக் கோடே போடவில்லை. நாசியின் இரண்டு பக்க வளைவும், அடியில் ஒரு சின்ன வளைவும் மட்டும். புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை கோடு இழுத்தால் மூக்கு முகத்தில் ஒட்டவைத்தது போல ஆகிவிடும். கண்ணில் மேல் இமைக் கோடு தடிமனாக, கீழ் இமைக் கோடு பாதி மட்டும். கருவிழி ஒரு வட்டம், உள்ளே கறுப்புப் பாவை, ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணிமை முடி ஒன்றுகூட வரையவில்லை.

வட்டக் கண்ணாடிதான் அம்மாவின் அடையாளம். அதன் சட்டத்தை ஒற்றைக் கோடாகப் போடாமல், 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு வட்டமாக வைத்தேன், சட்டத்துக்கும் நிறம் அடிக்கலாம். கண்ணாடியில் தெரிந்த ஜன்னல் வெளிச்சத்தை விட்டுவிட்டேன். சட்டமும் புருவமும் குறுக்கிடும் இடத்தில் முன்னால் இருக்கும் சட்டம் முழுசாகப் போகும், பின்னால் இருக்கும் புருவம் அங்கே நின்றுவிடும். முந்தானை தோளைக் கடக்கும் இடத்திலும், கழுத்துச் சங்கிலி சேலைக்குள் மறையும் இடத்திலும் இதே விதிதான். இதை மீறினால் கம்பிக்கூடு மாதிரி ஆகிவிடும்.

முடிக்கு வகிடு ஒன்று, வாரிவிட்ட திசையைக் காட்டும் நீளக் கோடு மூன்று. ஒவ்வொரு மயிராக வரைந்தால் வண்ணம் தீட்ட இடமே இருக்காது. கொண்டையில் இருந்த மல்லிகைச் சரத்தில் நாற்பது ஐம்பது மொட்டு இருந்திருக்கும், நான் ஒன்பது பெரிய பூவாக்கினேன். சேலைக் கட்டங்களையும் அப்படியே எடுக்கவில்லை; ஒன்றரை செ.மீ. சதுரங்களாகப் புதிதாக வரைந்து, மடிப்பின் போக்குக்கு ஏற்றாற்போல வளைத்தேன். கரை இரண்டு செ.மீ. அகலம். பொட்டு 6 மி.மீ. வட்டம். மூக்குத்தி இரண்டும் 4 மி.மீ. அதற்குள் அவளால் வண்ணம் அடிக்க முடியாது என்று தெரியும். ஆனால் மூக்குத்தி இல்லாமல் அது அம்மா இல்லை.

முகத்துச் சுருக்கங்களை வரையலாமா? வரையாவிட்டால் பொய்யாக இருக்காதா?

நான் முதல் வரைவில் செய்த தவறே இதுதான். நாசியின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் சிரிப்பு மடிப்பைப் போட்டோவில் இருந்த நீளத்துக்கு அப்படியே இழுத்தேன். நெற்றியில் மூன்று கோடு, கண்ணோரத்தில் நான்கு. அண்ணன் மகள் பார்த்துவிட்டு "அப்பத்தா ஏன் கோபமா இருக்காங்க?" என்று கேட்டாள்.

காரணம் இதுதான். போட்டோவில் சுருக்கம் என்பது மெதுவாக மாறும் மங்கலான நிழல். கோட்டில் மங்கல் என்று ஒன்று கிடையாது. தாடையின் விளிம்புக்கு இருக்கும் அதே கறுப்புதான் சுருக்கத்துக்கும். அதனால் ஒரு கோட்டுச் சுருக்கம் நிஜச் சுருக்கத்தைவிடப் பல மடங்கு ஆழமாகத் தெரியும். அதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் முப்பது வயதுப் பெண் முகம் வரும், அதுவும் சரியில்லை. கடைசியில் சிரிப்பு மடிப்பில் வாய் ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்த 1 செ.மீ. துண்டை மட்டும் வைத்தேன். கண்ணோரத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒரு குட்டி வளைவு. நெற்றியில் ஒன்றும் இல்லை. வயதைக் காட்டியது சுருக்கத்தைவிட, மேல் இமை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்த கோணமும் தாடையின் தளர்ந்த வளைவும்தான்.

பற்களும் இப்படித்தான். பல்லுக்குப் பல் கோடு போட்டால் சிரிப்பு பயமுறுத்தும். மேல் வரிசை முழுதையும் ஒரே வெள்ளை வடிவமாக விடுங்கள்.

எல்லாம் சரியாக வரைந்துவிட்டேன், ஆனால் அவரைப் போல இல்லை. எங்கே தப்பு?

போட்டோ லேயரை அணைத்துவிட்டுப் பாருங்கள். வரையும்போது அடியில் இருக்கும் போட்டோ நம்மை ஏமாற்றும், சாயல் கோட்டில் இருக்கிறதா போட்டோவில் இருக்கிறதா என்று தெரியாது. பிறகு எல்லாக் கோட்டையும் தேர்ந்தெடுத்து H அழுத்தினால் இடம் வலம் மாறும். ஒரு கண் மேலே ஏறியிருந்தாலோ, வாய் கோணியிருந்தாலோ அப்போது உடனே கண்ணில் படும். திரும்ப H அழுத்தி பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

நான் பார்த்தவரை சாயல் தவறுவது மூன்று இடத்தில்: முடி நெற்றியில் தொடங்கும் கோடு, புருவத்துக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் உள்ள இடைவெளி. கண்ணை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் இந்த இடைவெளிகள் 2 மி.மீ. பிசகினால் வேறு ஆள் ஆகிவிடுவார். கண்ணையே திருத்திக்கொண்டு இராமல் இவற்றை அளந்து பாருங்கள்.

கோடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

நாலைந்து வயதுக்கு நான் வைத்தது: முகம், முடி, தோள், சேலையின் வெளிக்கோடு 2 மி.மீ.; உள்ளே இருக்கும் கண்ணாடி, உதடு, கட்டங்கள் 1.2 மி.மீ.; இமையும் சிரிப்பு மடிப்பும் 0.8 மி.மீ. சின்னக் குழந்தை கோட்டைத் தாண்டித்தான் அடிக்கும். தடித்த கோடு அந்தத் தாண்டலை விழுங்கிக்கொள்ளும். எட்டு வயதுக்கு மேல் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கலாம், கட்டங்களையும் சிறிதாக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. படத்தைப் பெரிதாக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து மாறும்படி இங்க்ஸ்கேப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளாமல் அளவு மாற்றினால் 2 மி.மீ. என்று நினைத்தது 2.7 ஆகியிருக்கும்.

எனக்கு மவுஸில் வரையவே வராது. பேப்பரில் பென்சிலால் வரைந்தால் அதைச் சுத்தமாக்க முடியுமா?

நன்றாக முடியும். போட்டோவை ஏ4-இல் அச்சிட்டு, மேலே ட்ரேசிங் தாளை வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வரையுங்கள். பென்சிலாக இருந்தால் கடைசியில் பேனாவால் ஒருமுறை இழுத்துவிடுங்கள். பென்சில் கோட்டின் சாம்பல் ஸ்கேனில் பாதி காணாமல் போகும்.

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில், ஸ்கேன் செய்து, வெளிச்சத்துக்கு ஒரு எல்லை வைத்து அதற்கு மேலே முழு வெள்ளை, கீழே முழுக் கறுப்பு என்று ஆக்குங்கள். ஜிம்ப்பில் Colors மெனுவில் Threshold. பெரிய அளவில் இதைச் செய்துவிட்டுப் பிறகு 300 டிபிஐ-க்குச் சுருக்குவதுதான் சூட்சுமம். சுருங்கும்போது ஓரத்துப் படிக்கட்டுப் பிசிறு இழைந்துவிடும். ஏ4 என்றால் 300 டிபிஐ-யில் 2480 × 3508 புள்ளி. கட்டளை வரியில் படம் திருத்தும் இமேஜ்மேஜிக் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி:

```
magick scan.png -colorspace Gray -blur 0x1 -threshold 60% -resize 2480x3508 -units PixelsPerInch -density 300 clean.png
```

கோடு அறுந்து வந்தால் 60-ஐ 70 ஆக்குங்கள். தாளின் அழுக்கும் கறுப்புப் பொட்டாக வந்தால் 50 ஆக்குங்கள்.

போன் கேமராவில் எடுத்தால் தாளின் ஒரு மூலை இருட்டாக இருக்கும். அதற்கு எந்த எல்லை வைத்தாலும் ஒரு பக்கம் கோடு போகும், இன்னொரு பக்கம் கறுப்பு அப்பும். ஜிம்ப்பில் லேயரை நகலெடுத்து, மேல் நகலுக்கு Gaussian Blur-ஐ கோடுகள் கரைந்து தெரியாமல் போகும் அளவுக்கு, 100 அளவில் வைத்து, அதன் மோடை Divide ஆக்குங்கள். தாளின் நிழல் வகுபட்டுப் போய்ப் பின்னணி வெள்ளையாகும். இரண்டு லேயரையும் ஒன்றாக்கிவிட்டு அதன் பிறகு Threshold.

சுத்தமான இந்தப் படத்தை வெக்டராக்க வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப்பின் Trace Bitmap உதவும். போட்டோவுக்கு அதை நேராகக் கொடுத்தால் திட்டுத் திட்டாக வரும். கறுப்பு வெள்ளைக் கோட்டுக்குக் கொடுத்தால் அருமையாக வேலை செய்யும். Brightness cutoff தேர்ந்தெடுங்கள். விளிம்பு கண்டுபிடிக்கும் முறை வேண்டாம், ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் இரட்டைக் கோடு போட்டுவிடும்.

கோடுகள் எல்லாம் மூடியே இருக்க வேண்டுமா?

தாளில் கிரேயான் என்றால் அவசியமில்லை. கீழ் இமை பாதியில் நிற்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. டேப்லெட்டில் தொட்டு நிறம் நிரப்பும் ஆப்புக்கு என்றால் கட்டாயம் மூட வேண்டும், இல்லாவிட்டால் சேலையின் சிவப்பு கழுத்து வழியாக முகத்துக்கு ஏறிவிடும். படத்தை பிஎன்ஜியாக்கி, ஜிம்ப்பின் வாளிக் கருவியால் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நிறம் ஊற்றிப் பாருங்கள். எங்கே வழிகிறதோ அங்கே ஓட்டை. அம்மாவின் படத்தில் எனக்கு வழிந்தது காதுமடல் முடியைத் தொடும் இடத்திலும், முந்தானை பக்கத்தின் ஓரத்தில் நின்ற இடத்திலும்.

பின்னணி வைக்கலாமா?

கொஞ்சமாக. நான் கதவுச் சட்டத்தின் இரண்டு செங்குத்துக் கோட்டை மட்டும் வைத்தேன். அந்தக் கோடு காதின் விளிம்பைச் சரியாகத் தொட்டுக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் காதும் கதவும் ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். ஒன்று தள்ளி வையுங்கள், இல்லையென்றால் தெளிவாகத் தலைக்குப் பின்னால் மறையவிடுங்கள்.

ஸ்டுடியோவில் எடுத்த படத்தையோ நெட்டில் கிடைத்த படத்தையோ பயன்படுத்தலாமா?

காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எடுக்கச் சொன்னவருக்குத்தான் உரிமை. நெட்டில் கிடைக்கும் படம் அப்படி இல்லை. புகைப்படத்துக்கு இங்கே எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு, கோட்டோவியமாக்கினாலும் அது அவருடைய படத்தின் வழிவந்ததுதான். அடுத்த வீட்டுக் குழந்தையின் முகத்தை வரைந்தால் அவர்கள் வீட்டில் கேட்காமல் எங்கும் பகிர வேண்டாம்.

அச்சிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் கோட்டைச் சுற்றிச் சாம்பல் பொடி படியும். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நாலு பக்கமும் 1 செ.மீ. வெறுமையாக விடுங்கள், பெரும்பாலான பிரின்டர்கள் ஓரம் வரை அடிக்காது.

80 ஜிஎஸ்எம் தாள் கிரேயானுக்குத் தாங்கும், ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும். 120 எடுத்தால் இரண்டுக்கும் ஆகும். வாட்டர் கலர் அடிப்பாள் என்றால் இங்க்ஜெட் அச்சு பல பிரின்டர்களில் ஈரம் பட்டதும் கரைந்து முகம் முழுக்கக் கறுப்பாக இழுபடும். லேசர் அச்சோ ஜெராக்ஸோ கரையாது. எங்கள் வீட்டில் இருப்பது இங்க்ஜெட், அதனால் ஒரு பிரதி அச்சிட்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் தடித்த தாளில் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டேன். முதல் பிரதியில் அவள் அப்பத்தாவின் முடிக்குப் பச்சை அடித்தாள், மூக்குத்திக்குள் மட்டும் கிரேயானை நிறுத்தி நிறுத்திச் சிவப்புப் புள்ளி வைத்தாள்.